பின்சீட்டை அளந்துவிட்டு காரைப் பேசுங்கள்

பாப்பா, மாப்பிள்ளை, போன ஞாயிற்றுக்கிழமை புந்தோங் வீட்டுக்கு வந்து, கைபேசியில் ஐந்தாறு கார்ப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டி, "மாமா, இதில எத வாங்கலாம்?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. கல்யாணமாகி நாலு மாதம்தான். இருவரும் வேலைக்குப் போகிறீர்கள். குழந்தை வேண்டும், முடிந்தால் இரண்டு என்கிறீர்கள். இன்று வாங்குகிற கார் ஐந்து வருஷம் கழித்தும் உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்கிறீர்கள். இதற்கு வாசலில் நின்றபடி பதில் சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஈப்போவில் முப்பத்தெட்டு வருஷம் பட்டறையில் இருந்தேன். வாங்கி நாலைந்து வருஷத்தில் காரை மாற்ற வேண்டிய நிலைக்கு வந்த இளம் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் இஞ்சின் பிடிக்காமல் மாற்றியவர்கள் மிகக் குறைவு. பின்சீட்டில் ஆள் அடங்கவில்லை என்று வருவார்கள். விற்கப் போனால் கடன் மீதி காரின் விலையை விட அதிகமாக இருக்கும். அந்த இரண்டையும் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

1. காரைப் பார்க்கும் முன் உங்கள் ஒரு வாரத்தை எழுதுங்கள்.

ஒரு தாளை எடுத்து, திங்கள் முதல் ஞாயிறு வரை காரில் யார் யார் ஏறுவார்கள் என்று எழுதுங்கள். இன்றைக்கு உள்ளபடி ஒன்று, ஐந்தாம் வருஷத்துக்கு ஒன்று. இன்றைய தாள் சுலபம். வாரநாளில் நீங்கள் இருவர். ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட் பக்கம் பாப்பாவின் அம்மா வீட்டுக்குப் போய், அவரையும் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போவீர்கள்.

ஐந்தாம் வருஷத் தாளில் நாலு வயசுப் பிள்ளை ஒன்று, இரண்டு வயசுப் பிள்ளை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் சொந்தக் காரில் போகும் பிள்ளைக்குக் குழந்தை இருக்கை கட்டாயம். கைக்குழந்தைக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். உயரம் சுமார் 135 சென்டிமீட்டரைத் தாண்டும் வரை ஏதாவது ஒரு வகை இருக்கை வேண்டும். அதாவது ஆரம்பப் பள்ளி பாதி முடியும் வரை. ஆகவே ஐந்தாம் வருஷத்தில் உங்கள் பின்சீட்டில் இரண்டு இருக்கைகள் நிரந்தரமாக இருக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர்களின் பாட்டி, அதாவது பாப்பாவின் அம்மா, உங்களோடு வந்துவிட்டால் ஐந்தாவது ஆளும் தினமும் உண்டு. அவர் வருவாரா மாட்டாரா என்பதை இப்போதே அவரிடம் கேளுங்கள். கார் தேர்வில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது.

தோட்டத்துக் கோயில் திருவிழாவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் ஆட்கள் ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. லயங்கள் போய் எண்ணெய்ப்பனை வந்துவிட்டது. ஆனாலும் திருவிழாவுக்குப் பானை, அரிசி, அத்தை, சித்தப்பா எல்லாரும் ஒரே காரில் ஏறுவார்கள். வருஷத்தில் ஒரு நாள். அன்றைக்கு அண்ணன் காரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 364 நாளுக்குக் காரை வாங்குங்கள்.

2. குழந்தை இருக்கையை முதலில் பாருங்கள், கையோடு கொண்டுபோங்கள்.

குழந்தை பிறக்காத வீட்டில் இருக்கை ஏது என்று கேட்பீர்கள். பாப்பாவின் அக்கா வீட்டில் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டு கார்க் கடைக்குப் போங்கள். விற்பனையாளர் ஒன்றும் சொல்லமாட்டார். சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.

பிறந்த குழந்தையின் இருக்கை காரின் பின்பக்கத்தைப் பார்த்து அமரும். திடீரென்று பிரேக் போட்டால், அல்லது எதிலாவது மோதினால், கழுத்து முன்னால் இழுபடாமல் முதுகு முழுவதும் அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். அதற்காகத்தான் அந்த அமைப்பு. புதிய R129 தர விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை பிள்ளை அப்படித்தான் உட்கார வேண்டும். இருக்கையில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிறச் சீட்டில் R129 அல்லது பழைய R44 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்பக்கம் பார்த்த இருக்கை நீளத்தில் நிறைய இடம் பிடிக்கும். அது சாய்ந்து நிற்பதால் அதன் தலை முன்சீட்டின் முதுகைத் தொடும். அதனால் முன்சீட்டை முன்னால் தள்ள வேண்டியிருக்கும். மாப்பிள்ளை ஆறடி. இருக்கையை இடதுபக்கப் பின்சீட்டில் மாட்டிவிட்டு அவர் முன் இடதுசீட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும். முழங்கால் முன்பலகையில் இடித்தால் அந்தக் கார் உங்களுக்குச் சரிவராது. பிறகு ஓட்டுநர் சீட்டை அவருக்கு ஏற்றபடி வைத்துவிட்டு, அதற்குப் பின்னாலும் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். இரண்டாவது பிள்ளை அங்கேதான் வரும்.

மாட்டுவதைக் கடைக்காரரிடம் விடாதீர்கள். பாப்பா, நீயே செய். பின்சீட்டின் அடிமெத்தையும் முதுகுமெத்தையும் சேரும் மடிப்பில் விரலை விட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். அதுதான் ஐசோஃபிக்ஸ். சில கார்களில் அந்த வளையம் மெத்தைக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும். நகம் தேயும். மழையில் குடையோடு நின்று மாட்டுகிறவளுக்கு அது பெரிய வித்தியாசம். இருக்கையின் இரண்டு கொக்கிகளையும் வளையத்தில் நேராகத் தள்ளினால் இரண்டு முறை "டக்" என்று கேட்கும். பக்கத்தில் உள்ள குறி சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். ஒரு பக்கம் மட்டும் பச்சையாகி மறுபக்கம் சிவப்பாகவே நிற்பதை நான் எத்தனையோ கார்களில் பார்த்திருக்கிறேன். பெற்றோருக்கே தெரியாது.

அதற்குப் பிறகு மூன்றாவது பிடி ஒன்று வேண்டும். சில இருக்கைகளுக்குத் தரையில் ஊன்றும் ஒரு கால் இருக்கும். சிலவற்றுக்கு மேல்வார் உண்டு. அதைப் பின்சீட்டின் முதுகுக்குப் பின்னால் உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். கால் ஊன்றும் இடத்தில் தரைக்கு அடியில் சாமான் வைக்கும் குழிப்பெட்டி இருந்தால் அங்கே ஊன்றக் கூடாது, மூடி தாங்காது. பெல்ட்டால் கட்டும் இருக்கை என்றால் முழங்காலை இருக்கையில் ஊன்றி, உடல் பாரத்தைப் போட்டு பெல்ட்டை இழுத்து இறுக்கு. பிறகு பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பார். ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது.

இன்னொன்று. முன்சீட்டில், காற்றுப்பை உள்ள இடத்தில், பின்பக்கம் பார்த்த இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். மோதினால் பை நேராக இருக்கையின் முதுகில் அடிக்கும். குழந்தையின் தலை அதற்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. "பக்கத்து வீட்டுக்குத்தானே" என்று ஒரு தரம் கூட வேண்டாம்.

3. பாட்டி எங்கே உட்காருவார்?

இந்தக் கேள்வியில்தான் எல்லாக் கார்களும் திணறும். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். பின்சீட்டில் தோள் உயரத்தில் ஒரு கதவின் உள்பக்கத்திலிருந்து மறு கதவின் உள்பக்கம் வரை அளந்து பாருங்கள். நல்ல குழந்தை இருக்கை ஒன்று 44 சென்டிமீட்டர் அகலம் வரை இருக்கும். இரண்டுக்கு 88. அதைக் கழித்தால் வருவது நடுவில் உட்காருபவருக்கான இடம். 40க்குக் குறைந்தால் பெரிய ஆள் உட்கார முடியாது. உட்கார்ந்தாலும் பெல்ட் பூட்டைத் தேடி எடுக்க முடியாது, அது குழந்தை இருக்கைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பூட்டு கைக்கு எட்டாத இடத்தில் யாரும் பெல்ட் போடமாட்டார்கள்.

உங்கள் கைபேசியில் இருந்த மூன்று காரை எடுத்துக்கொள்வோம். பெசாவின் வெளி அகலம் 1,620 மில்லிமீட்டர். மைவி 1,735. அல்சா 1,730. பெசாவின் பின்பெட்டி 508 லிட்டர், மூன்று பெரிய பெட்டி போகும். அதைப் பார்த்துத்தான் பலர் அதைக் குடும்பக் கார் என்கிறார்கள். ஆனால் உடல் அகலத்தில் மைவியை விட 11 சென்டிமீட்டருக்கு மேல் குறுகியது. இரண்டு குழந்தை இருக்கை வைத்துவிட்டால் நடுவில் ஒருவர் என்பது நடக்காத காரியம். ஒரே பிள்ளை, பாட்டி ஞாயிறு மட்டும் என்றால் பெசா நன்றாகவே போதும். பெட்டி பெரிது, பெட்ரோல் குறைவு.

இன்னொரு விஷயத்தைப் பாருங்கள். அல்சா ஏழு பேர் கார், மைவி ஐந்து பேர் கார். ஆனால் அகலத்தில் இரண்டும் ஒன்றுதான். அல்சா நீளத்தில்தான் பெரிது, 4,425 மில்லிமீட்டர். மைவி 3,895. ஆகவே மைவியின் பின்சீட்டில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தால், அல்சாவின் இரண்டாவது வரிசையிலும் அதே நெருக்கம்தான். அல்சா கூடுதலாகத் தருவது மூன்றாவது வரிசை. அந்த வரிசைக்குப் போக இரண்டாவது வரிசையின் ஓரச்சீட்டை மடக்க வேண்டும். ஓரத்தில் குழந்தை இருக்கை மாட்டியிருந்தால் அதை மடக்க முடியாது. இரண்டு ஓரத்திலும் இருக்கை இருந்தால் மூன்றாவது வரிசை பூட்டிய அறை போல ஆகிவிடும். ஏழு பேர் காரை வாங்கிவிட்டு, பாட்டியைப் பின்கதவு வழியாக ஏற்றிய குடும்பத்தை என் பட்டறை வாசலிலேயே பார்த்தேன். அவருக்கு முழங்கால் வலி.

இதற்கு வழி உண்டு. இரண்டாவது வரிசையில் சின்னப் பிள்ளையின் இருக்கையை வலது ஓரத்தில் ஐசோஃபிக்ஸில் மாட்டுங்கள். பெரிய பிள்ளையின் இருக்கையை அதை ஒட்டி நடுச்சீட்டில் பெல்ட்டால் கட்டுங்கள். இடது ஓரம் காலியாக நிற்கும். அதை மடக்கி ஒருவர் மூன்றாவது வரிசைக்குப் போகலாம், அல்லது அங்கேயே உட்காரலாம். இது நடக்க மூன்று விஷயம் பொருந்த வேண்டும். நடுச்சீட்டில் தோளுக்கும் இடுப்புக்கும் சேர்ந்த மூன்று முனை பெல்ட் வேண்டும். சீட் மடங்கும் பிளவு இடதுஓரத்தைத் தனியாக விடும்படி இருக்க வேண்டும். பெரிய பிள்ளைக்குப் பெல்ட்டால் கட்டக்கூடிய இருக்கையாக வாங்க வேண்டும். ஷோரூமில் ஐந்து நிமிஷத்தில் இதைச் சோதித்துவிடலாம்.

மைவி என்றால் பாட்டி முன்சீட்டில், பாப்பா நடுவில். ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரத்துக்கு முடியும். தினமும் முடியாது. ஆகவே என் தீர்ப்பு இது. பாட்டி உங்களோடு வந்து தங்குகிறார், இரண்டு பிள்ளைகள் என்பதில் நீங்கள் உறுதி என்றால் அல்சா மாதிரி மூன்று வரிசைக் கார். பாட்டி அவர் வீட்டிலேயே இருக்கிறார் என்றால் மைவி அளவுக் கார் ஐந்தாம் வருஷமும் போதும்.

4. பின்பெட்டியைத் தள்ளுவண்டி வைத்துப் பாருங்கள்.

மூன்று வரிசைக் காரில் எல்லாச் சீட்டையும் நிமிர்த்தினால் பின்னால் மிஞ்சுவது கடைப்பைகள் வைக்க ஒரு சின்ன இடம்தான். தள்ளுவண்டி போகாது. ஆறு பேர் போகிற நாளில் தள்ளுவண்டி வேண்டுமா என்று யோசியுங்கள். வேண்டும், ஏனென்றால் அது கோயிலுக்கோ மருத்துவமனைக்கோ போகிற நாளாக இருக்கும். மூன்றாவது வரிசை பாதி பாதியாக மடங்கும் காராக இருந்தால் ஒரு பக்கத்தில் ஆள், மறுபக்கத்தில் வண்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

5. ஆள் ஏற்றி ஓட்டிப் பாருங்கள்.

ஷோரூம்காரர் மாப்பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு ஈப்போவின் நல்ல ரோட்டில் ஒரு சுற்று விடுவார். எந்தக் காரும் அப்படி ஓடினால் நன்றாகத்தான் இருக்கும். அம்மா வீட்டுக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்மண், நடுவில் மேடு, இரண்டு பக்கமும் பனங்குலை லோரி அழுத்திய பள்ளம். காலியான கார் அதைத் தாண்டிவிடும். ஐந்து பேரும் அரிசி மூட்டையும் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து, அடிவயிறு மேட்டில் உரசும். என் பட்டறைக்கு வந்த உடைந்த சைலன்சர் குழாய்களில் பாதி தோட்டத்து ரோட்டில் உடைந்தவை. ஆகவே ஐந்து பேரை ஏற்றிவிட்டு, காருக்கு வெளியே குனிந்து, காரின் அடிவயிற்றுக்கும் பின்பம்பருக்கும் அடியில் எத்தனை விரற்கடை இருக்கிறது என்று பாருங்கள். இதற்காக உயரமான எஸ்.யூ.வி. வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதில் ஏறப் பாட்டிக்குத்தான் கஷ்டம்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவிலிருந்து கோலகங்சார் பக்கம் மெனோரா சுரங்கத்துக்கு ஏறுவதும் ஒரு நல்ல சோதனை. 1.5 இஞ்சின், நிறைய ஆள் என்றால் இஞ்சின் சத்தம் போடும், அது தவறில்லை. திரும்பி ஈப்போ நோக்கி இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். நீளமான இறக்கம். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி, மிதித்தால் மெத்தென்று உள்ளே போகும். கியரைக் கீழே இறக்கி இஞ்சினால் பிடித்து வர, அந்தக் காரில் எந்த நெம்புகோலையோ பொத்தானையோ பயன்படுத்த வேண்டும் என்று வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

6. மாதத் தவணையைப் பார்க்காதீர்கள், அறுபதாவது மாதத்தின் மீதியைப் பாருங்கள்.

60,000 வெள்ளி கார் என்று வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு முன்பணம் 6,000. கடன் 54,000. இத்தனை காலமும் நம் ஊரில் கார்க் கடனுக்கு நிலைவட்டிதான் வழக்கம். முதல் நாள் வாங்கிய முழுத்தொகைக்கும் கடைசி வருஷம் வரை வட்டி. கட்டக் கட்டக் குறையும் மீதிக்கு மட்டும் வட்டி போடும் முறையும் இருக்கிறது. உங்களுக்குத் தருவது எது என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். நான் நிலைவட்டிக்கே கணக்குச் சொல்கிறேன், வருஷம் மூன்று விழுக்காடு என்று வைத்து.

ஒன்பது வருஷம் என்றால் வட்டி 14,580. மாதத் தவணை 635 வெள்ளி. ஏழு வருஷம் என்றால் வட்டி 11,340. தவணை 778 வெள்ளி. விற்பனையாளர் முதலில் 635ஐத்தான் சொல்வார். உங்கள் சம்பளத்துக்கு அது இதமாக இருக்கும்.

இப்போது ஐந்து வருஷம் போய்விட்டது. காரை மாற்ற வேண்டியிருக்கிறது, கடனை மொத்தமாக அடைக்கப் போகிறீர்கள். கட்டாத மாதங்களுக்கு வட்டியில் ஒரு பங்கைத் திருப்பித் தருவார்கள். ஆனால் அந்தக் கணக்கு வட்டியின் பெரும்பகுதியை முன்வருஷங்களிலேயே எடுத்துக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கின்படி ஒன்பது வருஷக் கடனில் மீதி சுமார் 27,600 வெள்ளி. ஏழு வருஷக் கடனில் சுமார் 17,700. கார் 30,000க்கு விலை போனால், ஒரு வழியில் கையில் 2,400 நிற்கும், மறு வழியில் 12,300. அந்த 12,300 தான் அடுத்த காரின் முன்பணம்.

இந்த வித்தியாசம் சும்மா வந்ததல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதம் 143 வெள்ளி கூடுதலாகக் கட்டியிருக்கிறீர்கள். அறுபது மாதத்தில் அது 8,600 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சமானது சுமார் 1,300 மட்டுமே. ஆனால் அந்த 143ஐத் தனியாகச் சேமித்து வைக்கிற குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. குழந்தை பிறந்தால் பால் மாவும் டயப்பரும் அதைச் சாப்பிட்டுவிடும்.

அதனால் ஏழு வருஷத் தவணையை ஒரே சம்பளத்தில் கட்ட முடியுமா என்று பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு பாப்பா சில காலம் வேலையை விட்டிருக்க நினைக்கலாம். ஒரே சம்பளத்தில் முடியவில்லை என்றால் காரின் விலையைக் குறையுங்கள், வருஷத்தை நீட்டாதீர்கள்.

7. பிள்ளை வருகிற நாளை நம்மால் குறிக்க முடியாது.

இதை உங்கள் அத்தையும் நானும் அனுபவித்துச் சொல்கிறோம். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத்தான் முதல் பிள்ளை. அடுத்த வருஷமே பிள்ளை என்று எண்ணி, நான் கடன் பட்டு ஒரு பெரிய வேன் வாங்கினேன். பின்னால் இரண்டு வரிசை காலி. ஒவ்வொரு முறை கண்ணாடியில் பார்க்கும்போதும் உங்கள் அத்தை பேசாமல் வருவார். மூன்றாவது வருஷம் நான் அதை விற்றுவிட்டேன், நஷ்டத்துக்கு.

அதனால் இரண்டு பிள்ளை என்ற கணக்குக்கு மட்டுமே பொருந்துகிற காரை வாங்காதீர்கள். பிள்ளை தள்ளிப்போனாலும் உங்கள் இருவருக்கும் பாரமாகாத கார், பிள்ளைகள் சீக்கிரம் வந்தால் நாலாம் வருஷம் நல்ல விலைக்கு விற்று மாற்றக்கூடிய கார், இந்த இரண்டுக்கும் இடம் வையுங்கள். ஈப்போவில் சீக்கிரம் கைமாறுவதும், எந்தப் பட்டறையிலும் உதிரி சாமான் கிடைப்பதும் மைவி மாதிரிக் கார்களுக்குத்தான். பாட்டி எங்கே இருப்பார் என்று இன்னும் முடிவாகவில்லை என்றால், மைவியும் ஏழு வருஷக் கடனும் என்றுதான் உங்களுக்குச் சொல்வேன். அவர் இப்போதே வருகிறார் என்றால் மட்டும் அல்சா.

8. பழைய கார் வாங்குவதாக இருந்தால்.

தவறே இல்லை. நாலைந்து வருஷப் பழைய அல்சா புதிய மைவியின் விலைக்கு அருகில் வரலாம். பெயர் மாற்றத்துக்கு முன் சோதனை நடக்கும், ஆனால் அந்தச் சோதனை நீங்கள் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்க்காது.

சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அந்த விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள், உள்ளே பை இல்லாமலும் இருக்கலாம். பின்சீட்டு பெல்ட்டை முடிவு வரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசி ஓரடியை யாரும் கழுவுவதில்லை. அங்கே காய்ந்த சேற்றுக் கோடோ புளித்த வாசனையோ இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற கார். மாற்றுச் சக்கரக் குழியிலும் விரலால் தடவிப் பாருங்கள். ஐசோஃபிக்ஸ் வளையங்கள் இரண்டு பக்கமும் நேராக இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். பின்னால் மோதிச் சரிசெய்த காரில் ஒன்று கோணலாக நிற்கும், கொக்கி மாட்டாது.

பழைய கார் சரி, பழைய குழந்தை இருக்கை மட்டும் அறிந்தவரிடம்தான். ஒரு விபத்தில் இருந்த இருக்கையின் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். அக்காவிடம் வாங்குங்கள், அவருக்கு அதன் கதை தெரியும். அடியில் பொறித்த தயாரிப்பு ஆண்டையும் பாருங்கள்.

9. வெயில்.

பின்சீட்டில் பின்பக்கம் பார்த்திருக்கும் குழந்தைக்கு முன்னாலிருந்து வரும் குளிர்காற்று போய்ச் சேராது, இருக்கையின் முதுகு தடுத்துவிடும். பின்வரிசைக்குத் தனியாகக் காற்றுத் துவாரம் உள்ள காருக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கூடக் கொஞ்சம் கொடுப்பேன். புதிய அல்சாவின் கூரையில் அது உண்டு. பின்பக்கக் கண்ணாடிகளுக்கு எவ்வளவு கறுப்பான படலமும் ஒட்டலாம், 2019 முதல் அதற்குத் தடையில்லை. முன்பக்கக் கண்ணாடிகளுக்கு வரம்பு உண்டு. மத்தியானம் வெளியில் நின்ற காரில் பிள்ளையை உட்கார்த்தும் முன், இருக்கையின் இரும்புப் பூட்டைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பிள்ளையைக் காரில் விட்டுவிட்டு எங்கேயும் இறங்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வைத்தாலும். பாப்பா, உன் கைப்பையை எப்போதும் பின்சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் வை. வேலைக்கு இறங்கும்போது அதை எடுக்கக் கை பின்னால் போகும்.

10. காப்புறுதியும் பெயரும்.

கார் யார் பெயரில் என்று யோசிக்காமல் எழுதிவிடாதீர்கள். கோரிக்கை ஏதும் வைக்காமல் ஓட்டினால் காப்புறுதித் தள்ளுபடி முதல் வருஷம் முடிந்ததும் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45, ஐந்து வருஷம் முடிந்ததும் 55. அது பெயருக்கு உரியவருக்குச் சேரும். மாப்பிள்ளையிடம் மோட்டார் சைக்கிள் மட்டும்தான், பாப்பாதான் தினமும் ஓட்டப் போகிறாள் என்றால் அவள் பெயரிலேயே எழுதுங்கள். அடுத்த காருக்கு அந்த 55ஐக் கொண்டுபோகலாம்.

சின்னக் கீறலுக்குக் கோரிக்கை வைத்தால் அந்தத் தள்ளுபடி போய்விடும். பம்பரில் உரசியது, கதவில் சின்ன நசுங்கல் என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள், பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வெள்ளத்துக்கான கூடுதல் காப்பை விடாதீர்கள். சாதாரண முழுக் காப்புறுதியில் அது தானாகச் சேராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். முன்கண்ணாடிக்கும் அப்படித்தான். லோரியிலிருந்து கல் தெறித்துக் கண்ணாடி விரிசல் விடுவது இந்தப் பக்கத்து ரோடுகளில் அடிக்கடி நடப்பது. அதற்குத் தனியாகக் காப்பு எடுத்திருந்தால், கண்ணாடி மாற்றியதற்காக உங்கள் தள்ளுபடி குறையாது.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் வருகிறேன். அக்காவிடமிருந்து இருக்கையை வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். தள்ளுவண்டியையும் கேளுங்கள். அம்மாவையும் அழைத்து வாருங்கள், அவர் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும். டேப் என்னிடம் இருக்கிறது.